மூன்று தாள் வேண்டாம் டீச்சர், ஒரு தாள் போதும்

மேடம், காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 31 பிள்ளைகள். ஒரு பையனுக்குப் பார்வை குறைவு. ஒரு பெண் காதில் கருவி போட்டிருக்கிறாள். பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் தமிழ் பேசுவான், படிக்க வராது. நாலைந்து பேர் வாய்க்கணக்கில் புலி, தாளில் பூஜ்யம். இன்னொரு ஐந்து பேர் எதைக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனை நோண்டுகிறார்கள். பயிற்சியில் 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்று சொன்னதைக் கேட்டு, மூன்று விதமாகப் பயிற்சித்தாள் தயாரித்தேன். மூன்றே வாரத்தில் ஓய்ந்துவிட்டேன். ஒருவனை வாயால் சொல்லவிட்டு மார்க் போட்டால், "அவனுக்கு மட்டும் ஏன் மிஸ்?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அடுத்த பாடம் சுற்றளவும் பரப்பளவும். எப்படி எடுப்பது?

அன்புள்ள டீச்சருக்கு,

மூன்று தாள் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கெட்ட வேலை என்பதால் இல்லை, அது வேறு வேலை என்பதால். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோமே, அந்தப் பழக்கம் நம் கையில் ஒட்டிக்கொண்டது. சின்ன வகுப்பில் எழுத்தும் எண்ணும் பிடிபடாத பிள்ளையை அவன் நின்ற இடத்திலிருந்து தூக்கிவிட அது சரியான வழி. ஆனால் ஆறாம் வகுப்பில் பரப்பளவுக்கு மூன்று தாள் போட்டால், 'லேசான தாள்' வாங்குகிற பிள்ளைக்கு லேசான கணக்கு மட்டுமே கடைசிவரை கிடைக்கும். வாய்க்கணக்கில் புலி என்றீர்களே, அவனுக்கு லேசான கணக்கு எதற்கு? அவனுக்குத் தடை கணக்கில் இல்லை, தாளில்.

அமெரிக்காவில் கேஸ்ட் என்ற அமைப்பு 1984-இல் தொடங்கியது. 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்ற சிந்தனையை வளர்த்தவர்கள் அவர்கள்தான். பெயரைக் கட்டடக் கலையிலிருந்து எடுத்தார்கள். ரொனால்ட் மேஸ் என்ற கட்டடக் கலைஞர், தாமே சக்கர நாற்காலியில் இருந்தவர், கட்டி முடித்த பிறகு ஒருவருக்காக இடித்து மாற்றுவதைவிட முதலிலேயே எல்லோரும் நுழைகிற மாதிரி கட்டுவோம் என்றார். நம் ஊர் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே நாலைந்து படி. ஆச்சிக்கு முட்டி வலி வந்த பிறகு பின்பக்கம் ஒரு சரிவு போடுவார்கள். போட்ட மறுநாளிலிருந்து கேஸ் சிலிண்டர், சைக்கிள், கல்யாணத்துக்கு வரும் பாத்திரம் எல்லாம் அந்தச் சரிவில்தான் ஏறும். சரிவு ஆச்சிக்கு என்று யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை. உங்கள் வகுப்பில் 'அவனுக்கு மட்டும் ஏன்' என்ற சண்டை வருவதற்குக் காரணம், சரிவில் நீங்கள் பெயர் எழுதிவிட்டதுதான்.

சரி, பாடத்துக்கு வருவோம். தயாரிப்பு எதையும் தொடங்கும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பாடம் முடிந்தால் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஒரு தேவையைச் சொன்னால், அதற்குச் சுற்றளவு வேண்டுமா பரப்பளவு வேண்டுமா என்று தேர்ந்தெடுத்து, செவ்வகத்துக்குக் கணக்கிட்டு, சரியான அலகோடு சொல்வான்." இதில் 'வாசிப்பான்' என்று இருக்கிறதா? 'எழுதுவான்' என்று? 'பதினைந்தாம் வாய்ப்பாடு ஒப்பிப்பான்' என்று? இல்லை. அப்படியானால் கேள்வியை வாசித்துக் காட்டலாம், விடையை வாயால் வாங்கலாம், வாய்ப்பாட்டுப் பலகையைச் சுவரில் மாட்டி வைக்கலாம். இலக்கில் இல்லாத சுமையை இறக்கினால் கணக்கு லேசாகிவிடாது. இலக்கில் இருப்பதை மட்டும் தொடக் கூடாது. எதை அளப்பது என்று நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டால் பாடமே போச்சு. அடுத்த மாதம் பெருக்கல் பாடம் எடுக்கும்போது அதே வாய்ப்பாட்டுப் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். அன்று இலக்கு அது.

இந்த வாக்கியத்தை எழுதாமல் 'பல வழி' என்று இறங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பு கலகலப்பாக இருக்கும், சார்ட் ஒட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். என்ன கற்றார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

இனி வகுப்பறைத் தரை. சாக்பீஸால் 5 அடிக்கு 4 அடி செவ்வகம் ஒன்று போடுங்கள். பழைய அட்டைப் பெட்டியில் ஓர் அடிச் சதுரமாக 20 அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இவைதான் ஆத்தங்குடிக் கல். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலோ கோயிலிலோ அந்தக் கல்லில் நடந்தவர்கள், அறிமுகமே தேவையில்லை. கோட்டின் மேல் தேங்காய்நார்க் கயிறு ஒன்றைச் சுற்றி வையுங்கள். கயிறு பார்வை குறைந்த பையன் விரலால் தடவிப் பார்ப்பதற்கு. ஆனால் வைத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் தடவுவார்கள், அதுதான் வேண்டும். கயிறு 18 அடி. உள்ளே கல் 20.

இங்கே தமிழ் நமக்கே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. சுற்றளவு, பரப்பளவு. இரண்டும் 'அளவு' என்று முடிகிறது, எழுத்தில் பார்க்கவும் காதில் கேட்கவும் ஒன்று போலவே இருக்கிறது. காதொலிக் கருவி போட்ட பெண்ணுக்கும் தமிழ் புதிதான பையனுக்கும் வித்தியாசம் முதல் பாதியில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் நீங்கள் வேகமாகச் சொன்னால் நழுவிவிடும். அதனால் சொல்லோடு கையையும் சேருங்கள். 'சுற்று' என்னும்போது ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு சுற்று. 'பரப்பு' என்னும்போது நெல்லைக் களத்தில் காயப் பரப்புகிற மாதிரி உள்ளங்கை விரியட்டும். இரண்டு நாளில் பிள்ளைகள் தாங்களாகவே கையை ஆட்டிக்கொண்டு விடை சொல்வார்கள். தேர்விலும் மேசைக்குக் கீழே கை ஆடும். ஆடட்டும்.

பலகையில் எழுதும்போது பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். கருவி போட்ட பெண் உங்கள் உதட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறாள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவளுக்கு வெறும் நிழல். கருவி எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்கும், மின்விசிறியையும் பெஞ்சு இழுப்பதையும் சேர்த்து. எனவே குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்பதை வகுப்புக்கே விதியாக வையுங்கள். பார்வை குறைந்த பையனை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சிலருக்கு முன்னால் இருப்பதைவிட வெளிச்சம் கண்ணில் அடிக்காத பக்கம் இருப்பதே முக்கியம். நாலு இடத்தில் உட்கார வைத்து, "எங்கே நல்லாத் தெரியுது?" என்று அவனையே கேளுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றளவுக்குச் சிவப்பு, பரப்பளவுக்குப் பச்சை என்று ஒரு வருஷம் முழுக்க அழகாகச் சார்ட் போட்டேன். ஒரு பையன் மட்டும் மாற்றி மாற்றியே சொல்வான். கவனமில்லாத பிள்ளை என்று திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இப்போது நிறத்தோடு இன்னொன்றும் சேர்ப்பேன்: சுற்றளவுக்குத் தடித்த கோடு, பரப்பளவுக்கு உள்ளே கட்டம். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்வதில்லை.

உங்கள் ஒரே தாளுக்கு வருவோம். அதில் மூன்றே கேள்வி போதும், எல்லாமே ஒரு கூடத்தைப் பற்றி. நீளம் 15 அடி, அகலம் 12 அடி. முதல் கேள்வி, தரை முழுக்க ஓர் அடிக் கல் பதிக்க எத்தனை கல் வேண்டும்? இரண்டாவது, கல்யாணத்துக்குச் சுவரோரம் ஒரு சுற்று விளக்குச் சரம் கட்ட எத்தனை அடி வேண்டும்? மூன்றாவது, தரையின் ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை பார்டர் கல் வைத்தால் அதற்கு எத்தனை கல்?

முதலுக்கு 180, இரண்டாவதுக்கு 54 அடி. மூன்றாவதுக்கு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 54 என்பார்கள். நான் முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது உடனிருந்த ஆசிரியர்களே சொன்னார்கள். விடை 50. மூலைக்கல் நாலும் இரண்டு பக்கத்துக்கும் பொது, 54-இல் அவை இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன. நம்பாதவனைத் தரையில் இருக்கிற 5-க்கு 4-ஐ அடுக்கச் சொல்லுங்கள். கயிறு 18 அடி, பார்டர் கல் 14, நடுவில் மீதி 6, மொத்தம் 20. பெரிய அறையிலும் அதேதான், நடுவில் 13 பெருக்கல் 10, அதாவது 130, ஓரத்தில் 50, மொத்தம் 180. சுற்றளவு நீளம், பார்டர் கல் பரப்பில் ஒரு பகுதி என்ற வித்தியாசம் சூத்திரத்தை ஒப்பித்தவனுக்குப் பிடிபடாது. அட்டையை அடுக்கியவனுக்குப் பிடிபடும்.

தாளில் எழுத்து எல்லோருக்கும் பெரியதாகவே இருக்கட்டும், 18 அளவு. ஒரு கேள்விக்கு ஒரு கட்டம், நடுவில் வெற்றிடம். படத்தில் நாலு பக்கத்துக்கும் அளவு எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் விளக்குச் சரத்துக்கு 27 அடி என்ற பையனைப் பார்த்தேன். கணக்குத் தெரியாதவன் என்றுதான் குறித்திருந்தார்கள். படத்தில் இரண்டு பக்கத்துக்கு மட்டும் எண் போட்டிருந்தது, அவன் கண்ணில் பட்ட இரண்டையும் கூட்டிவிட்டான். தரைக் கோட்டில் நடந்துவா என்றேன். மூன்றாவது பக்கத்தில் கால் வைத்ததும் நின்று, "இதுக்கும் சரம் வேணும்ல?" என்றான். பிறகு, எதிர்ப்பக்கம் சமம் என்பது பிடிபட்டதும், எண்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.

கேள்விகளை நீங்களே சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள், 31 பேருக்கும். பீகார்ப் பையனை மட்டும் கூப்பிட்டு வாசித்துக் காட்ட வேண்டிய அவசியம் போய்விடும். வாசிக்கத் திணறுகிற உள்ளூர்ப் பிள்ளையும் யாருக்கும் தெரியாமல் தப்பித்துக்கொள்வான்.

சீக்கிரம் முடிக்கிற ஐந்து பேரைப் பற்றி. அவர்களுக்குக் கூடுதல் கணக்கு கொடுப்பது தண்டனை மாதிரி, கெட்டிக்காரனுக்கு இரட்டைச் சுமை. இதைப் பலகையின் மூலையில் எழுதி வையுங்கள்: "36 கல் இருக்கிறது. எத்தனை விதமான செவ்வகத் தரை போடலாம்? எதற்குப் பார்டர் கல் குறைவு?" யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 6-க்கு 6 போட்டால் பார்டர் 20 கல், 9-க்கு 4 என்றால் 22, 12-க்கு 3 என்றால் 26. 18-க்கு 2 போட்டால் 36 கல்லும் பார்டர்தான். அதற்குள் யாராவது சுற்றளவில் நாலைக் கழித்தால் போதும் என்று சூத்திரம் கண்டுபிடித்துவிடுவான். அப்போது 36-க்கு 1 போடச் சொல்லுங்கள். சூத்திரம் 70 என்னும், கையில் இருப்பதோ 36 கல். ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க அந்த ஐந்து பேருக்கு ஒரு பீரியட் போதாது. நோண்டுவதற்கு நேரம் இருக்காது. நான் ஆச்சரியப்பட்ட விஷயம், இந்தக் கணக்கில் பலமுறை முதலில் விடை சொன்னது அட்டை அடுக்கிக்கொண்டிருந்த 'சுமார்' பிள்ளை.

ஆர்வத்தைத் தூண்ட வேண்டும் என்று பத்து விதத் தெரிவு கொடுக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று போதும், அதற்கு மேல் போனால் தேர்ந்தெடுப்பதிலேயே பீரியட் முடிந்துவிடும். தெரிவுகளில் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும், பாதைதான் வேறு. அப்புறம், பயிற்சிகளில் 'இவன் பார்த்துக் கற்பவன், அவன் கேட்டுக் கற்பவன்' என்று பிள்ளைகளை வகை பிரிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பிரித்து அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் கற்றல் கூடும் என்பதற்கு ஆராய்ச்சியில் ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த வடிவமைப்புக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. இன்று அட்டை எடுத்தவன் நாளை பென்சில் எடுப்பான்.

மார்க். மூன்று பாதை: எழுதலாம், கட்டத்தாளில் வரைந்தோ அட்டை அடுக்கியோ விளக்கலாம், உங்களிடம் வந்து வாயால் சொல்லலாம். யார் எதை எடுக்கலாம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஆனால் மார்க் போடும் அளவுகோல் ஒன்றுதான், அதைப் பாடத்தின் முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள். பத்துக்கு: சரியான அளவைத் தேர்ந்ததற்கு 3, ஏன் அது என்று சொன்னதற்கு 3, கணக்குக்கு 2, அலகுக்கு 2. அடியா சதுர அடியா என்பதில்தான் அந்தக் கடைசி இரண்டும். இது முன்னாலேயே தெரிந்துவிட்டால், வாயால் சொன்னவனுக்கு மார்க் எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்துக்கும் அழகுக்கும் மார்க் இல்லை. வரைந்த தாளில் இதுதான் ஆபத்து, பூப்போட்ட கல்லை ஒரு பெண் அப்படியே வரைந்து வண்ணம் தீட்டியிருப்பாள், மனசு பத்து போடச் சொல்லும். ஏன் என்பதற்கு ஒரு வரியோ ஒரு வார்த்தையோ இல்லாவிட்டால் அந்த 3 கிடையாது.

31 பேரையும் வாயால் கேட்டால் ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் 93 நிமிஷம், நடக்காத காரியம். நடைமுறையில் எல்லோரும் வர மாட்டார்கள். ஒரு பீரியடுக்கு ஆறு பேர் என்று வையுங்கள், 18 நிமிஷம், அதற்குள் மற்றவர்கள் 36 கல்லோடு இருப்பார்கள். வாய்மொழியில் பெரிய பிரச்சினை பிள்ளையிடம் இல்லை, நம்மிடம். சரியான விடைக்கு நம் தலை ஆடும், தவறுக்கு "அப்படியா?" என்று குரல் ஏறும், கெட்டிக்காரப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டே மாற்றிவிடும். அதனால் மூன்றே கேள்வி, எல்லோருக்கும் அதே வார்த்தையில், அதே குரலில்: "எதை அளந்தாய்? ஏன் அதை? என்ன அலகு?" நாலாவதாக வாய் தவறி ஏதாவது குறிப்புக் கொடுத்துவிட்டால், பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிள்ளை சொன்னதையும் நாலு வார்த்தையில் எழுதி வையுங்கள், பின்னால் பெற்றோரோ தலைமையாசிரியரோ கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

இதில் ஒரு லாபம் உண்டு. தாளில் தவறிய கேள்வியையே வாயால் கேட்டுப் பாருங்கள், ஒரு சிலரிடம் போதும். வாயில் சரியாகவும் தாளில் தவறாகவும் வந்தால் தடை வாசிப்பிலோ எழுத்திலோ இருக்கிறது. இரண்டிலும் 54 கல் என்றால் தடை கருத்தில், அவனைத் திரும்பவும் தரைக்கு அனுப்புங்கள். வாயால் சொல்ல விட்டும் தேறவில்லையே என்று பாதையைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் வாய்க்கணக்குப் புலிகள் வருஷம் முழுக்க வாயாலேயே ஓட்டக் கூடாது. மூன்று பாடத்துக்கு ஒரு முறை 'படிப்படியாக எழுதிக் காட்டுவது' என்பதையே இலக்காக வையுங்கள். அன்று எழுத்துதான் பாதை, முதல் படியை நீங்கள் எழுதிக் கொடுத்து மீதியை அவர்கள் முடிக்கட்டும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுத் தாள் நம் தரைக்கு வராது. எழுதுபவர் உதவி, கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மருத்துவச் சான்றும் முறையான விண்ணப்பமும் வேண்டும், கடைசி வருஷத்தில் ஓடினால் அலைச்சல். வாசிக்கத் திணறுகிற அந்த நாலைந்து பேரில் யாருக்காவது கற்றல் குறைபாடு இருக்குமோ என்று தோன்றினால், உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் இந்த வருஷமே பேசிவிடுங்கள்.

பாடத்தை எப்படி வடிவமைத்தாலும் பார்வை குறைந்த பையனுக்கு உருப்பெருக்கி தேவைப்பட்டால் தேவைதான், கருவி போட்ட பெண்ணுக்கு ஓடுகிற பேட்டரி தேவைதான். கருவி சரியாக ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். காலையில் அவளுக்குப் பின்னால் நின்றோ வாயை ஒரு தாளால் மறைத்தோ, சாதாரணக் குரலில் ஆறு ஒலிகளை இடைவெளி விட்டுச் சொல்லுங்கள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்றுவரை சொன்ன 'ஸ்' இன்று வரவில்லை என்றால் பேட்டரியையும், காதுக்குள் பொருந்துகிற அச்சில் அழுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சைத் துடைத்து, பேட்டரியை மாற்றிய பிறகும் வரவில்லை என்றால் அன்றே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.